தொடக்க முதன்மை உரை: ஒரு கருத்து, மூன்று கதைகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கீழே உள்ள விடைகள் அனைத்தும் ஒரே எடுத்துக்காட்டைச் சுற்றி எழுதப்பட்டவை. தமிழ் நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவில் காப்பது பற்றி இரண்டு நாள் மாநாடு ஒன்று நடக்கிறது. நூலகர்கள், தமிழாசிரியர்கள், கணிப்பொறியாளர்கள், தன்னார்வலர்கள் என ஏறத்தாழ 300 பேர் அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். தொடக்க நாள் காலையில் முதன்மை உரைக்கு 30 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாநாடு கற்பனையானது. அதில் சொல்லப்படும் கதைகள் நடந்தவை.

முதன்மை உரையும் தலைமையுரை, வாழ்த்துரை போன்றவையும் ஒன்றுதானா?

இல்லை. வாழ்த்துரை மாநாட்டை வாழ்த்துகிறது, தலைமையுரை அமர்வை நடத்திச் செல்கிறது. கீநோட் என்று பலரும் சொல்லும் முதன்மை உரையின் வேலை வேறு: அடுத்த இரண்டு நாளும் அரங்கிலும் தேநீர் மேசையிலும் பேசப்படுவதற்கு ஒரு பொதுவான பேச்சுப்பொருளைக் கொடுப்பது. மறுநாள் பிற்பகலில் கட்டுரை வாசிக்கும் ஒருவர், “நேற்றுக் காலையில் சொல்லப்பட்டதோடு நான் உடன்படவில்லை” என்று தொடங்கினால், அந்த உரை தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம். பேச்சாளர் தம் ஆய்வின் சுருக்கத்தையோ தம் நிறுவனத்தின் வரலாற்றையோ இந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. அவற்றைக் கேட்டுப் பாராட்டலாம். எடுத்துக்கொண்டு போய்ப் பேச முடியாது.

பெருங்கருத்து என்றால் உரையின் தலைப்புதானே?

தலைப்பு ஒரு பெயர்ச்சொற்றொடராக இருக்கலாம். கருத்து ஒரு முழு வாக்கியமாக இருந்தாக வேண்டும். “தமிழ் நூல்களின் பாதுகாப்பு” என்பதை யாரும் மறுக்க முடியாது, ஏனெனில் அது எதையும் சொல்லவில்லை. “தமிழ் நூல்களைப் பாதுகாப்பது நம் கடமை” என்பது வாக்கியம்தான். ஆனால் இந்த மாநாட்டுக்கு வந்திருக்கும் எவரும் அதற்கு மாறாக நினைப்பவர் அல்லர் என்பதால் அதுவும் பயன்படாது.

நம் எடுத்துக்காட்டில் நான் தேர்ந்தெடுக்கும் வாக்கியம் இது: “பூட்டி வைத்த நூலைவிடப் பகிர்ந்து கொடுத்த நூலே நீண்ட நாள் வாழும்.” இதை அரங்கில் உள்ள சுவடிக் காப்பாளர் ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம். குளிரூட்டிய அறை, ஈரப்பதக் கட்டுப்பாடு, கையுறை, பூட்டு என்று அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்ததற்கு எதிராக இந்த வாக்கியம் நிற்பதுபோல் அவருக்குத் தோன்றும். அறிவுள்ள ஒருவர் மறுக்கக்கூடிய வாக்கியமா என்பதே முதல் சோதனை. இரண்டாவது சோதனை எளியது: மூச்சு வாங்காமல் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். “மற்றும்”, “மேலும்” என்று ஒட்டுப்போட வேண்டியிருந்தால் உங்களிடம் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்றை அடுத்த மாநாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதைகள் ஏன் மூன்று? இரண்டு போதாதா, ஐந்து ஆகாதா?

நேரக் கணக்கு ஒரு காரணம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தவரையில், மேடையில் நிதானமாகப் பேசும் ஒருவர் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரையே பேசுகிறார். ஒரு கதையில் இடமும் ஆளும் கண்முன் வர வேண்டுமானால் 600 அல்லது 700 சொற்கள் தேவை. அதாவது ஆறேழு நிமிடம். 30 நிமிடத்தில் தொடக்கம், முடிவு, இடையிலுள்ள இணைப்புகள் போக மூன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. ஐந்து கதைகளைத் திணித்தால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடத்துக்குச் சுருங்கி, கதை என்ற நிலையிலிருந்து உதாரணம் என்ற நிலைக்கு இறங்கிவிடும்.

மற்றக் காரணம் கேட்பவரின் மனம் இயங்கும் விதம். இரண்டு கதைகளைக் கேட்டவர் அவற்றை எதிரெதிரே நிறுத்திவிடுகிறார்: அன்று, இன்று, நல்லது, கெட்டது. மூன்றாவது வரும்போதுதான் அது ஒப்பீடு அன்று, ஒரு தொடர் என்று புரிகிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது 15 நிமிடம் என்றால் மூன்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஒரே கதையை நன்றாகச் சொல்லுங்கள்.

ஸ்டீவ் ஜாப்ஸ் செய்ததுபோல “உங்களுக்கு மூன்று கதைகள் சொல்லப்போகிறேன்” என்று அறிவித்துத் தொடங்கலாமா?

2005 ஜூன் 12 அன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவர் ஏறத்தாழ 15 நிமிடம் பேசிய உரையைப் பலரும் முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். அமைப்பை உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். அவருடைய முதல் கதை வாழ்க்கையின் புள்ளிகளை இணைப்பது பற்றியது, இரண்டாவது அன்பும் இழப்பும் பற்றியது, மூன்றாவது மரணம் பற்றியது. மூன்றும் மூன்று பாடங்கள். அவற்றை ஒன்றாகக் கட்டியிருப்பது அவருடைய வாழ்க்கை. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் அவற்றில் தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். அது விழாவுக்குப் பொருத்தம். மாநாட்டில் 300 பேர் மூன்று வெவ்வேறு பாடங்களோடு வெளியே வந்தால் பொதுப் பேச்சுப்பொருள் உருவாகாது. ஆகவே அந்த அறிவிப்பை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அமைப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அறிவிப்பிலும் விருப்பமில்லை. எண்ணிக்கையைச் சொன்னவுடன் அரங்கம் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது.

கையில் பத்துக் கதைகள் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது?

உரை தயாரிப்பில் அதிக நேரம் செல்ல வேண்டியது இந்த வேலைக்குத்தான். நம் எடுத்துக்காட்டுக்கு என் அட்டைகளில் ஆறு கதைகள் இருந்தன என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மாநாட்டோடு தொடர்பில்லாத ஒரு நண்பரிடம், கருத்தைச் சொல்லாமல், கதையை மட்டும் சொல்லி, “இதிலிருந்து என்ன தோன்றுகிறது?” என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் வாக்கியம் உங்கள் பெருங்கருத்துக்கு அருகில் வந்தால் கதை பொருந்துகிறது. வராவிட்டால், கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறோர் உரைக்கு உரியது.

விட வேண்டியவற்றை முதலில் பார்ப்போம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பல்லாயிரம் நூல்களையும் இதழ்களையும் தனியொருவராகத் திரட்டிய ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைத் தமிழகத்திலேயே நிலைநிறுத்தியதால் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. மிக நல்ல கதை. ஆனால் கேட்டவரிடம் என்ன தோன்றியது என்று கேட்டால், “ஒரு மனிதரின் விடாமுயற்சி” என்பார். அல்லது, “நம் சொத்தை வெளிநாட்டார் வாங்கிக் காக்க வேண்டியிருக்கிறதே” என்பார். இரண்டும் நம் வாக்கியம் அல்ல. இரண்டாவது விடை, உரை முடிந்ததும் வரும் கேள்வி நேரம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது கரிவலம்வந்தநல்லூர். அங்குள்ள கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் போனபோது, அவை பழுதாகிவிட்டதால் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று அறிந்த நிகழ்ச்சி. இது நம் கருத்துக்குப் பொருந்தவே செய்கிறது. இருந்தும் விடுகிறேன், ஏனெனில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நான் எப்படியும் சொல்லப்போகிறேன். இரண்டு கதைகளிலும் தீயே வந்தால், பிற்பாடு இரண்டும் கேட்பவர் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கதைகளில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவதே முறை.

மூன்றாவதாக, 1990களின் எழுத்துருக் குழப்பம். அன்று தமிழ் எழுத்துருக்கள் பல, எழுத்துகளுக்குக் கணிப்பொறியில் எண் கொடுக்கும் முறையான குறியேற்றத்தைத் தத்தமக்கெனத் தனியாகக் கொண்டிருந்தன. அக்காலக் கோப்பு ஒன்றை இன்று திறந்தால், அதற்குரிய எழுத்துரு இல்லாதபோது திரையில் வருவது பொருளற்ற குறிகளின் வரிசை. கேட்பவர் இதிலிருந்து, “ஆயிரம் பேரிடம் கொடுத்தாலும் படிக்க முடியாவிட்டால் என்ன பயன்?” என்றே நினைப்பார். இது நம் கருத்துக்கு எதிராகப் போகிறது. எனவே அதைத் தூக்கி எறியவில்லை. வேறோர் இடத்துக்கு எடுத்து வைக்கிறேன்.

எஞ்சியவை மூன்று: 1880இல் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு, 1981இல் யாழ்ப்பாணம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் வைக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம்.

இந்த மூன்றையும் கால வரிசையில்தான் சொல்ல வேண்டுமா?

இங்கே கால வரிசை தானாகப் பொருந்தி வந்திருக்கிறது. அது வெறும் வசதி. வரிசையைத் தீர்மானிப்பது ஒவ்வொரு கதைக்கும் நீங்கள் கொடுத்திருக்கும் வேலை. முதல் கதை கருத்தைப் புரியவைக்கிறது. இரண்டாவது, அதைப் புறக்கணித்தால் நேரும் விலையைக் காட்டுகிறது. மூன்றாவது, கேட்பவர் தம் கையால் செய்யக்கூடிய ஒன்றாகக் கருத்தை மாற்றுகிறது.

கனமான கதையை முதலில் வைத்தால், கருத்து இன்னும் உருவாகாத நிலையில் அது துயரச் செய்தியாக மட்டுமே கேட்கும். இறுதியில் வைத்தால் அரங்கம் தலைகுனிந்தபடி எழுந்து போகும். அதற்குப் பின் ஒரு மாநாட்டைத் தொடங்குவது கடினம். நடுவில் வைத்தால், வந்த வழியும் இருக்கிறது, போகும் வழியும் இருக்கிறது. நிறைவுரையாக இருந்தால் நான் வேறு விதமாக அடுக்குவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த கதையை எப்படிப் புதிதாகச் சொல்வது?

உ.வே.சா. கதையைத் தமிழ் அரங்கில் சொல்லத் தொடங்கும் எவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. “தமிழ்த்தாத்தா” என்ற சொல் காதில் விழுந்தவுடன், பள்ளிப் பாடத்திலேயே கேட்டதுதானே என்று கேட்பவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். இதற்குத் தீர்வு புதிய தகவலைத் தேடுவதில் இல்லை. கதையின் நாயகனை மாற்றுவதில் இருக்கிறது. நம் கருத்து கொடுப்பதைப் பற்றியது என்பதால், கொடுத்தவரே நாயகன். மேடையில் இப்படித் தொடங்கலாம்:

“1880ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம், கும்பகோணம். ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கும் முன்சீப் ஒருவரைப் பார்க்க, கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். இளைஞர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முன்சீப்பின் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இளைஞர் படித்ததில்லை. நூல் அவர் கைக்குக் கிடைத்ததே இல்லை.”

இந்தப் பத்தியில் யாருடைய பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரங்கில் பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள்; ஊகிக்கும் அந்த இன்பத்தை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். அதன் பிறகு முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரின் பெயரைச் சொல்லி, அவர் சிந்தாமணியின் பிரதி ஒன்றை இளைஞருக்குக் கொடுத்ததைச் சொல்கிறோம். பாடத்தில் விளங்காத சமண மதச் செய்திகளைத் தெரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்கு அந்த இளைஞர் போனதையும், அங்கே சிந்தாமணி வாசிப்பு வழக்கமாகவே நடந்துகொண்டிருந்ததையும், அவர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டு விளக்கியதையும் சொல்கிறோம். ஏழாண்டு கழித்து, 1887இல், நூல் அச்சில் வந்தது. இதே நிகழ்ச்சியில் பதிப்பாசிரியரை நாயகனாக்கினால் கேட்பவர் மனத்தில் நிற்பது விடாமுயற்சி. முன்சீப்பையும் அந்தச் சமண வீட்டையும் முன்னால் கொண்டுவந்தால் நிற்பது, மூடி வைக்காமல் கொடுத்தவர்கள். ஒரு நிகழ்ச்சியிலிருந்து எந்தக் கதை பிறக்கிறது என்பது நீங்கள் யாருக்கு அருகில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

யாழ்ப்பாண நூலகம் போன்ற துயரத்தை மேடையில் சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அளவை. 1933இல் சிறிய அளவில் தொடங்கி, 1959இல் தனிக் கட்டடம் பெற்று, 1981 மே 31 இரவில் தீ வைக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்த வரலாறு அது. தீ வைத்ததில் காவல் துறையினருக்கு இருந்த பங்கை ஒரே வாக்கியத்தில், மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அரங்கம் அந்த இடைவெளியைத்தான் கேட்கும். ஆனால் அந்த வாக்கியத்தோடு அதை நிறுத்திவிட வேண்டும். அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் இறந்த செய்தியைச் சொல்லலாமா என்று என்னை ஒருவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அதைக் கேட்டவர்கள் அடுத்த ஐந்து நிமிடம் வேறு எதையும் கேட்க மாட்டார்கள், அப்படிக் கேட்காமலிருப்பதும் சரியே. அந்தச் செய்திக்குத் தனி உரை வேண்டும்.

இந்தக் கதையை நம் கருத்தோடு சேர்க்கும் திருப்பம் தீக்குப் பின்னால் இருக்கிறது. எரிந்தவற்றுள், வேறெங்காவது பிரதி இருந்த நூலை மீண்டும் வாங்கலாம், நன்கொடையாகப் பெறலாம், படியெடுக்கலாம். அந்த ஒரே இடத்தில் மட்டும் இருந்த கையெழுத்துப் பிரதிக்கும் சுவடிக்கும் அந்த வழி இல்லை. ஒரே இரவில், ஒரே கட்டடத்தில், பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் இருந்த இரண்டு நூல்களுக்கு வெவ்வேறு முடிவு. கட்டடம் 2003க்குப் பின் மீண்டும் நூலகமாகப் பயன்பாட்டுக்கு வந்தது என்பதை ஒரு வரியில் சொல்லி, எந்த அடுக்குகள் நிரம்பின, எவை நிரம்ப வழியில்லை என்ற கேள்வியில் கதையை நிறுத்துகிறேன்.

கதை முடிந்தவுடன் “இதிலிருந்து நாம் அறிவது” என்று சொல்லலாமா?

வேண்டாம். கதை முடிந்ததும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, பெருங்கருத்தை எழுதியபடியே, ஒரு சொல்கூட மாறாமல் சொல்லுங்கள். முதல் கதைக்குப் பின் ஒருமுறை, இரண்டாவதற்குப் பின் ஒருமுறை. நாம் பள்ளியில் கூறியது கூறல் குற்றம் என்று கற்றவர்கள் என்பதால், இரண்டாம் முறை சொல்லும்போது சொற்களை மாற்றிவிடும் ஆசை வரும். முதலில் “பகிர்தல்”, பிறகு “பரவலாக்கம்”, பிறகு “திறந்த அணுகல்” என்று போனால், கேட்பவர் அவற்றை மூன்று வெவ்வேறு கருத்துகளாகவே குறித்துக்கொள்வார். கட்டுரையில் அது நடைச்சுவை. மேடையில் அது குழப்பம்.

மூன்றாவது கதைக்குப் பின் வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது என் வழக்கம். அரங்கம் தானே அதை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும்.

எதிர்வாதத்தை நாமே எழுப்புவது உரையை வலுவிழக்கச் செய்யாதா?

எழுப்பாவிட்டால்தான் வலுவிழக்கும், ஏனெனில் அரங்கில் உள்ள கணிப்பொறியாளர்கள் அதை முன்பே நினைத்திருப்பார்கள். இரண்டாவது கதைக்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒன்றரை நிமிடம் அதற்குக் கொடுங்கள். பதிப்புரிமை, தொடத் தொட உதிரும் ஓலை, படிக்க முடியாத கோப்பு என்று எதிர்வாதங்கள் பல உண்டு. அவற்றுள் மூன்றாவது கதைக்கு வழி திறக்கும் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும்.

நான் முன்பு எடுத்து வைத்த எழுத்துருக் குழப்பம் இங்கேதான் பயன்படுகிறது. “பகிர்ந்து கொடுத்தால் போதுமா? இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பகிரப்பட்ட தமிழ்க் கோப்பு ஒன்றை இன்று திறந்து பாருங்கள்” என்று தொடங்கி, பொருளற்ற குறிகள் நிறைந்த திரையைக் காட்டலாம். அங்கிருந்து 1998ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் போகிறோம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. தொடக்கக் காலக் கோப்புகள் பழைய குறியேற்றத்தில் இருந்தவை; பின்னர் அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டு மீண்டும் வெளிவந்தன. கோப்பு திறந்து கிடந்ததால்தான் மாற்ற முடிந்தது. எதிர்வாதத்துக்கான விடை இப்படிக் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

30 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

தொடக்கத்துக்கு 2 நிமிடம், முதல் கதைக்கு 7, வாக்கியத்துக்கும் இணைப்புக்கும் 1, இரண்டாவது கதைக்கு 8, அதன் பின் வாக்கியத்துக்கும் எதிர்வாதத்துக்கும் 3, மூன்றாவது கதைக்கு 6, முடிவுக்கு 3. மூன்றாவது கதை குறுகியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அதற்குள் கேட்பவருக்கு உரையின் போக்கு பிடிபட்டுவிட்டது, பின்னணியை விளக்கத் தேவையில்லை.

மேடை ஏறும் நேரத்தில் 20 நிமிடத்தில் முடியுங்கள் என்கிறார்களே?

நம் ஊர் மாநாடுகளில் இதை விதிவிலக்காகக் கருதக் கூடாது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வராத அமைச்சருக்காகக் காத்திருப்பது என எல்லாமும் சேர்ந்து முதன்மை உரையின் நேரத்தைத்தான் தின்னும். ஒரு முறை எனக்கு 40 நிமிடம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மேடையில் கையில் வந்த துண்டுச் சீட்டில் 18 என்று இருந்தது. நான் செய்த தவறு, மூன்று கதைகளையும் ஒரே வேகத்தில் விரட்டியது. ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளும் மட்டும் மிஞ்சின. ஆட்கள் காணாமல் போனார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு கதையையும் இரண்டு அளவில் எழுதி வைக்கிறேன்: முழு அளவு ஒன்று, நான்கு நிமிட அளவு ஒன்று. 20 நிமிடம் என்றால் நடுக்கதையை ஏறத்தாழ முழுதாகவும், மற்ற இரண்டையும் நான்கு நிமிட அளவிலும் சொல்லலாம். எதிர்வாதத்தை அரை நிமிடமாகக் குறைக்கலாம். 12 நிமிடம்தான் என்றால் கும்பகோணக் கதை ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்லி, வாக்கியத்தைச் சொல்லி, முடிவுக்குப் போய்விடுவேன். எந்த நிலையிலும் “நேரமின்மையால் இரண்டு கதைகளை விட்டுவிட்டேன்” என்று சொல்ல வேண்டாம். சொல்லாதவரை அது குறையென்று எவருக்கும் தெரியாது.

மேடையில் உள்ள அனைவரையும் பெயர் சொல்லி விளிக்காமல் தொடங்கலாமா?

பத்துப் பெயரை உரிய அடைமொழியோடு சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். உங்கள் தொடக்கம் முழுவதும் அதிலேயே போய்விடும். வரவேற்புரையில் அவை சொல்லப்பட்டிருக்கும். “அவையோர் அனைவருக்கும் வணக்கம்” என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, “1880, கும்பகோணம்” என்று போய்விடுவேன் என்பதை அமைப்பாளரிடம் முதல் நாளே தெரிவித்துவிட்டால் மனத்தாங்கல் வராது. தலைவரை மட்டும் தனியே விளிப்பது நல்லது.

படவில்லைகள் எத்தனை வேண்டும்?

மூன்று போதும். ஒற்றை ஓலையின் படம், எரிந்த நூலகக் கட்டடத்தின் படம், பொருளற்ற குறிகள் நிறைந்த திரை. பெருங்கருத்தை எழுதித் திரையில் காட்ட வேண்டாம். காட்டினால் நீங்கள் சொல்வதற்குள் படித்து முடித்துவிடுவார்கள்.

உரையை எப்படி முடிப்பது?

அடுத்த அமர்வுக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைக் கொடுத்து முடிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் நான் இப்படி முடிப்பேன்: “உங்கள் நூலகத்திலோ வீட்டிலோ இருக்கும், வேறெங்கும் பிரதி இல்லை என்று நீங்கள் நினைக்கும் ஒரு நூலின் பெயரை, அரங்க வாசலில் உள்ள பலகையில் எழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.” பலகையையும் எழுதுகோல்களையும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும் என்பதை அமைப்பாளர் மறந்துவிடுவார், நீங்களே கொண்டுபோய்விடுங்கள். எழுதப்படும் பட்டியலில் சில நூல்களுக்கு வேறு பிரதிகள் உண்டு என்று பக்கத்திலேயே யாராவது எழுதுவார்கள். அந்தக் குறிப்புகள் மாலை அமர்வுக்கு நேரே பயன்படும்.

உரை சரியாக அமைந்திருக்கிறது என்பதை மேடைக்குப் போகுமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருவரை உட்காரவைத்து முழு உரையையும் பேசிக் காட்டுங்கள். அன்று அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, “நேற்று நான் என்ன பேசினேன்?” என்று மட்டும் கேளுங்கள். கதைகளைச் சொல்லிக் கருத்தைச் சொல்லாவிட்டால் இணைப்பு வாக்கியம் பலவீனமாக இருக்கிறது. அதைச் சுருக்கி, நிறுத்தத்தை நீட்ட வேண்டும். கருத்தைச் சொல்லிக் கதைகளை மறந்திருந்தால், நீங்கள் கதைக்கு நடுவே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இடங்களை எழுத்துப் பிரதியில் கண்டுபிடித்து அடித்துவிடுங்கள். இரண்டு கதைகளைச் சொல்லி மூன்றாவதை நினைவுகூர முடியாமல் அவர் தடுமாறினால், விடுபட்ட கதை மற்ற ஒன்றின் வேலையையே செய்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாற்றுக் கதையைத் தேட இன்னும் ஒரு வாரமாவது கையில் இருக்கும்படி இந்த ஒத்திகையை வைத்துக்கொள்ளுங்கள்.